க்ரோம்புக்கில் “Chrome OS is missing or damaged” என்கிறது, வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லை

“குமுளியில் இருக்கிறேன். மகளின் க்ரோம்புக்கில் நேற்றிலிருந்து இதே செய்திதான். ரெக்கவரி பென் டிரைவ் போடச் சொல்கிறது. எப்படிச் செய்வது?”

கம்பத்தில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் செய்துவிடலாம். ஆனால் அதற்கு முன், செருகியிருக்கும் மவுஸ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சில சமயம் அதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? அந்தத் திரையின் அடியில் இருக்கும் மாடல் பெயரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மூடியில் உள்ள கம்பெனிப் பெயர் போதாது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும், அதில் உள்ளதெல்லாம் அழியும்.

சென்டரில் குரோம் உலாவியில் Chromebook Recovery Utility என்ற நீட்டிப்பைச் சேர்த்து, மாடல் பெயரை அடித்து, டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டவுன்லோட் ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். எழுதும்போது விண்டோஸ் அட்மின் அனுமதி கேட்கும். கடைக்காரர் பக்கத்தில் இருக்கட்டும். நான் ஒருமுறை இதனாலேயே வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து, சார்ஜரை மாட்டி, அதே திரையில் டிரைவைச் செருகினால் தானாகத் தொடங்கும். அதில் ChromeOS இல்லை என்று சொன்னால், மாடல் மாறியிருக்கலாம் அல்லது சரியாக எழுதப்படவில்லை.

க்ரோம்புக்கின் டவுன்லோட்ஸில் இருந்தவை போய்விடும், கூகுள் டிரைவில் உள்ளவை போகாது. முழுவதும் முடிந்தும் சில நாளில் அதே செய்தி திரும்பினால் உள்சேமிப்பகமே போயிருக்கலாம், அப்புறம் சர்வீஸ்தான்.