விடுமுறை நாளில் வருகை தந்த பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஐயா,

மூன்று வாரத்தில் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக் குழு வருகிறது. நான் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பதிவேடுகள் பல இடங்களில் விட்டுப்போயிருக்கின்றன. எல்லாரும் உட்கார்ந்து நிரப்பிவிடலாம் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். சுயமதிப்பீட்டு அறிக்கையில் குறைகளை எழுதலாமா? வகுப்பறைச் சுவர்களை எப்படி அலங்கரிப்பது? ஆசிரியர்களின் பதற்றத்தைத் தணிக்க என்ன செய்யலாம்?

ஒரு தலைமை ஆசிரியை

அன்புள்ள தலைமை ஆசிரியைக்கு,

சுவரை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் வரைந்தது ஏதாவது ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். பசை காயாத படத்தை எந்த ஆய்வாளரும் அடையாளம் கண்டுகொள்வார்.

உங்கள் மூத்த ஆசிரியர்கள் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆய்வுக் குழுக்களில் ஒருவனாகப் பல பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு பள்ளியில் வருகைப் பதிவேடு அச்சடித்தது போல இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஓர் அடித்தல் கிடையாது. புரட்டிக்கொண்டே வந்தபோது, பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு வாரநாளிலும் வகுப்பு முழுவதும் வருகை தந்திருந்தது! அதே பதிவேட்டில் இரண்டு வாரம் தொடர்ந்து வந்ததாக இருந்த ஒரு சிறுமியின் மருத்துவ விடுப்புக் கடிதம் பக்கத்துக் கோப்பில் பத்திரமாக இருந்தது. எழுத்தரின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவர் மற்றவர்கள் சொன்னதைச் செய்தவர். அதற்குப் பிறகு அந்தப் பள்ளி காட்டிய நல்ல பதிவேடுகளையும் எங்களால் நம்ப முடியவில்லை. வெறும் விடுபடல் என்றால் குறிப்பில் ஒரு வரியோடு போயிருக்கும்.

நினைவிலிருந்து நிரப்புவது பொய்க் கணக்கு, அம்மா. அதற்கு வேறு பெயர் தேடாதீர்கள். விட்டுப்போன நாட்களை வெறுமையாகவே விடுங்கள். பக்கத்தில், 'இந்த நாட்களுக்கு வருகை பதியப்படவில்லை, வகுப்பாசிரியர் விடுப்பில் இருந்தார், மாற்று ஏற்பாடு இல்லை' என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். தேர்வுத் தாள் போல வேறு சான்று அந்த நாளுக்கு இருந்தால் அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று குறித்தால் போதும். தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். வெள்ளை மை பூசினால் அங்கே என்ன இருந்தது என்ற கேள்விதான் முதலில் வரும்.

கோப்புகளுக்கு முதுகில் பெயர் ஒட்டி அடுக்குவது அரை நாள் வேலை. அதைவிட, மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டின் நடுவில் சேர்ந்த ஒருவர், அடிக்கடி வராத ஒருவர், படிப்பில் தடுமாறும் ஒருவர். அந்த மூவரையும் சேர்க்கைப் பதிவேடு, வருகை, மதிப்பெண் பட்டியல், நோட்டுப் புத்தகம் என்று வரிசையாகத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். வராத நாளில் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார். நோட்டில் சரி போட்டிருக்கும், விடை தவறாக இருக்கும். ஆய்வாளரும் பெரும்பாலும் இப்படித்தான் குறுக்கே பார்ப்பார். மூவரிடம் ஒரே மாதிரிப் பிழை வந்தால் அது ஒருவரின் கவனக்குறைவு இல்லை, உங்கள் நடைமுறையின் ஓட்டை.

அப்படிக் கிடைத்ததுதான் சுயமதிப்பீடு. 'வாசிப்பில் முன்னேற்றம் தேவை' என்று எழுதாதீர்கள். அதை எந்தப் பள்ளியும் எழுதலாம். ஒரு வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது பேரில் பதினொரு பேர் திணறினால் பதினொன்று என்றே எழுதுங்கள். அவர்களுக்கு எந்த நேரத்தில், யார், என்ன செய்கிறார், மறுபடி எப்போது கேட்டுப் பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் எதுவும் தொடங்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், ஆனால் திங்கட்கிழமையே தொடங்குங்கள். நீங்கள் மறைத்து ஆய்வாளர் தாமாகக் கண்டுபிடித்த குறை, நீங்களே சொன்ன குறையைவிட எப்போதும் பெரிதாகத் தெரியும்.

பதற்றத்துக்கு மருந்து கேட்டீர்கள். எதை மறைக்க வேண்டும் என்ற பட்டியல் மனதில் ஓடும் வரை யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். விடுபடல்களை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு விட்டதை ஆசிரியர் கூட்டத்தில் சொல்லுங்கள், பாதிப் படபடப்பு அங்கேயே அடங்கும். தெரியாததைக் கேட்டால் 'அலுவலகத்தில் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒத்திகை பார்த்த பாடம் வேண்டவே வேண்டாம். ஆய்வாளர் முதல் கேள்வியைக் கேட்பார், பிள்ளை இரண்டாவது கேள்விக்கான விடையைச் சொல்லும். அன்று கால அட்டவணையில் என்ன பாடமோ அதை நடத்தட்டும்.

முந்தின நாள் மாலை யாரையும் பள்ளியில் உட்கார வைக்காதீர்கள். பதிவேடு அலமாரியின் சாவி உங்களிடம் இருக்கட்டும். அந்த மூத்தவர்கள் மறுபடி பேனாவோடு வந்தால், நான் திட்டினேன் என்று சொல்லுங்கள்.