டிரிப் படியைக் கணக்கிடும் முன் நாட்களை எண்ணுங்கள்: கங்கைகொண்டானிலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் மகனுக்கு 22 வயதாகிறது என்றும், ஹெவி லைசன்ஸ் கைக்கு வந்தவுடன் இரண்டு வேலைகள் தேடி வந்திருக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். ஒன்று, திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் பத்துச் சக்கர லாரி, டிரிப்புக்கு 6,000 ரூபாய். மற்றொன்று, தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டுக்குக் கண்டெய்னர், டிரிப்புக்கு 800 ரூபாய். மாதச் சம்பளம் இரண்டிலும் இல்லை. சென்னை லாரிக்கு மாதம் 6 டிரிப், 36,000 ரூபாய் உறுதி என்று ஓனர் சொன்னதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் அதன் பக்கமே சாய்ந்திருக்கிறீர்கள். அந்த ஆறு என்ற எண்ணைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

சென்னைக்கு ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 630 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி, டோல் கேட், ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் போகும் என்று கொண்டால், போய்வர 31 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 6 டிரிப்புக்கு ஸ்டியரிங்கில் இருக்கும் நேரம் மட்டும் 189 மணி. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு என்பதே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு வகுக்கப்பட்ட அளவு. நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 189 மணி நேரத்தை ஓட்டி முடிக்கவே 24 நாட்கள் போய்விடும். மீதமுள்ள 6 நாட்களில் 12 முறை லோடு ஏற்றி இறக்க வேண்டும், திரும்பும் லோடுக்குக் காத்திருக்க வேண்டும், வார ஓய்வும் எடுக்க வேண்டும். இரண்டாவது டிரைவர் இல்லாமல் இது நடக்கிறதென்றால், அந்த ஆறாவது டிரிப் தங்கள் மகனின் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் நாற்கரச் சாலையில் கண் சொக்கும் ஆபத்தை எந்தப் படியும் ஈடுசெய்யாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஓய்வோடு ஓட்டினால், போக இரண்டு நாள், வர இரண்டு நாள், லோடு இறக்கவும் ஏற்றவும் இரண்டு நாள் என்று ஒரு டிரிப்புக்கு 6 நாட்கள் ஆகும். மாதம் 4 டிரிப், 24 நாட்கள், 24,000 ரூபாய். சாப்பாடு அவர் கைக்காசு என்றால், நாளுக்கு 300 ரூபாய் வீதம் 7,200 ரூபாயைக் கழித்தபின் வீட்டுக்கு வருவது 16,800. துறைமுக வேலையில் தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்த்து நாளுக்கு ஒரு டிரிப் என்றே வைத்துக்கொண்டாலும் 24 நாளில் 19,200 ரூபாய் வரும். பெரும்பாலான இரவுகள் வீட்டிலேயே உறங்கலாம். ஆனால் கண்டெய்னர் வராத நாளில் வருமானமும் இல்லை. ஆகவே வண்டி சும்மா நிற்கும் நாளுக்கும், வரிசையில் இரவு தங்க நேர்ந்தாலும் என்ன தருவார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே வண்டியை இதற்கு முன் ஓட்டியவரிடம் சென்ற மாதம் எத்தனை டிரிப் அடித்தார் என்று விசாரித்தால் ஓனர் சொல்லாதது தெரிந்துவிடும்.

உரிமத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போக்குவரத்து வாகன உரிமத்தை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓட்ட அழைத்தால் அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிப் பதிவும் தேவை. அவை இல்லாமல் ஒரு நாள்கூட ஏறக் கூடாது.

தங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ‘மூன்று லட்சம் கட்டினால் லாரியே அவனுக்கு, மீதியைத் தவணையாகக் கழித்துக்கொள்ளலாம்’ என்கிறார் ஓனர். ஆர்.சி. புத்தகம் மகன் பெயருக்கு மாறாதவரை, அவர் கட்டுவது வேறொருவர் வண்டிக்கான தவணை. லோடு கிடைக்காத மாதத்திலும் தவணை நிற்காது. பத்து டயரும் இன்சூரன்ஸும் அவர் தலையில் விழும். வண்டிக்கு 8 வயது கடந்திருந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகளாவது சம்பளத்துக்கு ஓட்டி, டீசல், டோல், டயர்ச் செலவைத் தன் கையால் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபின் அவர் வாங்கட்டும். அதுவரை அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்க வேண்டாம். ஓனர் வற்புறுத்தினால், ஆர்.சி. நகலையும் அந்த வண்டிமேல் ஃபைனான்ஸ் பாக்கி எவ்வளவு என்ற கணக்கையும் வாங்கிக்கொண்டு மகனோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.