தினசரி யூனிக் விசிட்டர்ஸைக் கூட்டினால் வாரக் கணக்கு வருவதில்லையே, ஏன்?

"என் தள அறிக்கையில் பேஜ் வியூஸைக் கூட்டினால் சரியாக வருகிறது, யூனிக் விசிட்டர்ஸைக் கூட்டினால் வாரக் கணக்கைவிட அதிகமாக வருகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

பேஜ் வியூ என்பது ஒரு பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கு. ரீஃப்ரெஷ் செய்தாலும் ஒன்று கூடும். யூனிக் விசிட்டர் என்பது வந்தவரின் கணக்கு. ஒரே காலத்துக்குள் அவர் எத்தனை முறை வந்தாலும் ஒன்றுதான்.

ஒருவர் திங்களன்று கைபேசியில் 4 பக்கம் பார்க்கிறார். புதனன்று அதே கைபேசியில் 3 பக்கம், இரவு லேப்டாப்பில் 2 பக்கம். பேஜ் வியூஸ் மொத்தம் 9. யூனிக் கணக்கு திங்களன்று 1, புதனன்று 2, கூட்டினால் 3. ஆனால் வார அறிக்கை 2 என்றுதான் காட்டும், ஏனென்றால் இரண்டு நாளும் வந்த கைபேசி ஒருமுறைதான் எண்ணப்படும். அதனால் வார எண்ணை அறிக்கையிலேயே வாரத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், நீங்களே கூட்டாதீர்கள்.

வந்தவர் உண்மையில் ஒரே ஆள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான கருவிகள் மனிதரை அல்ல, பிரவுசரில் வைத்த குக்கீயைத்தான் எண்ணுகின்றன. குக்கீயை அழித்துவிட்டு வந்தாலும் புது ஆள்தான். சஃபாரியில் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீ, 7 நாள் அந்தத் தளத்துக்கு வராவிட்டால் தானாகவே அழிந்துவிடும். ஐபோன் வாசகர்கள் அதிகமென்றால் மாதக் கணக்கு கொஞ்சம் ஊதியே இருக்கும்.