திராட்சை மேல வெள்ளை, ஸ்ட்ராபெரி மேல சாம்பல்: எதைத் தூக்கிப் போடணும்?

கேள்வி: அக்கா, வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ்ல கருப்பு திராட்சை ஒரு கொத்தும் ஸ்ட்ராபெரி ஒரு பாக்ஸும் வாங்கினேன். திராட்சை முழுக்க வெள்ளையா மாவு தடவின மாதிரி இருந்துச்சு, மருந்தோ பூசணமோன்னு பயந்து அப்படியே குப்பையில போட்டுட்டேன். ஸ்ட்ராபெரியில ரெண்டு பழத்துல மட்டும் சாம்பல் கலர்ல லேசா இருந்துச்சு, அந்த எடத்த வெட்டிட்டு மிச்சத்த பிள்ளைங்களுக்குக் கொடுத்தேன். சரியாத்தான் செஞ்சேனா?
வாசகி, செந்தூல்

பதில்: நேர் தலைகீழா நடந்துருச்சும்மா. போட வேண்டியது வயித்துக்குள்ள போயிருச்சு, சாப்பிட வேண்டியது குப்பைக்குப் போயிருச்சு. பிள்ளைங்க நல்லா இருந்தா பயப்படாதீங்க, அந்தப் பூசணம் கொஞ்சம் உள்ள போனா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா வீட்டுல யாருக்காவது ஆஸ்துமாவோ பூசண அலர்ஜியோ இருந்தா அடுத்த தடவ ரொம்ப கவனமா இருக்கணும்.

முதல்ல திராட்சைய பாப்போம். அந்த வெள்ளை, பழமே தன் தோல் மேல உண்டாக்கிக்கிற மெழுகு. யாரும் பூசினது இல்ல, மருந்தும் இல்ல. பழத்துல இருக்கிற தண்ணி சீக்கிரம் வெளிய போயிராம அது காப்பாத்துது. பச்சை திராட்சையிலயும் இது இருக்கு, கலர் வெளுப்பா இருக்கிறதால நமக்குத் தெரியறதில்ல, கருப்புலதான் பளிச்சுன்னு தெரியும், அதனாலதான் எல்லாருக்கும் கருப்பு திராட்சைய பாத்தாலே சந்தேகம் வருது. காஞ்ச விரலால ஒரு பழத்த லேசா தேய்ச்சு பாருங்க. தேய்ச்ச எடம் பளபளன்னு கருப்பா ஆயிரும், உங்க விரல் தடம் அப்படியே நிக்கும், கீழ தோல் கெட்டியா இருக்கும். அவ்வளவுதான் டெஸ்ட். இன்னும் சொல்லப்போனா இந்த மெழுகு கலையாம முழுசா இருக்குற கொத்துதான் நெறய கை படாம வந்த கொத்து, நான் கடையில அதத்தான் தேடி எடுப்பேன். சாப்பிடறதுக்கு முன்னாடி பைப் தண்ணியில கழுவினா போதும், உப்பு போட்டு, மாவு போட்டு அந்த வெள்ளைய தேய்ச்சு எடுக்கணும்னு ஒண்ணுமே இல்ல, அது உடம்புக்குக் கெடுதல் பண்ணாது.

மருந்து காஞ்ச தடம் வேற மாதிரி இருக்கும். சொட்டு சொட்டா, வட்டம் வட்டமா, தண்ணி வழிஞ்சு நின்ன எடத்துல, அதாவது பழத்தோட அடிப்பக்கம் சேர்ந்திருக்கும். மெழுகு அப்படி இல்ல, பழம் முழுக்க ஒரே சீரா படிஞ்சிருக்கும்.

இப்போ ஸ்ட்ராபெரி. இதுல இருந்துதான் எல்லா குழப்பமும் வருது, ஏன்னா நம்ம ஆளுங்க திராட்சைக்குக் கேள்விப்பட்டத ஸ்ட்ராபெரிக்கும் வெச்சுக்கறாங்க. ஸ்ட்ராபெரி தோல் மேல கண்ணுக்குத் தெரியுற மாதிரி மெழுகுப் படிவு கிடையாது. நல்ல ஸ்ட்ராபெரி எப்பவும் பளபளன்னுதான் இருக்கும். அதனால அது மேல வெள்ளையா, சாம்பலா, பஞ்சு மாதிரி எது தெரிஞ்சாலும் அது பூசணம்தான், யோசிக்கவே வேணாம்.

நீங்க பாத்தது பெரும்பாலும் போட்ரைடிஸ்ங்கிற சாம்பல் பூசணம். இது கடையில வந்து ஒட்டிக்கறது மட்டும் இல்ல, தோட்டத்துல பூ பூக்கும்போதே உள்ள புகுந்து சத்தமில்லாம காத்திருக்கும், பழம் பழுத்து சர்க்கரை ஏறினதும் எந்திரிக்கும். அதனாலதான் கேமரன்ல இருந்து காலையில வந்த பாக்ஸ்னு வாங்கினாலும் மறுநாளே சில சமயம் வந்துருது. ஆரம்பத்துல சாம்பலே இருக்காது, வெளிர் பழுப்பா ஒரு எடம் மட்டும் மெத்துனு இருக்கும், பெரும்பாலும் பச்சை இலைத் தொப்பிக்கு அடியில, இல்லன்னா ரெண்டு பழம் ஒட்டியிருக்கிற எடத்துல. அப்புறம்தான் அது மேல முடி முடியா எந்திரிச்சு சாம்பல் கலர் ஆகும். போன் டார்ச்ச பழத்துக்குப் பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க, பூசணம் தோல்ல இருந்து தூக்கி நிக்கறது தெரியும், திராட்சை மெழுகு தட்டையா தோலோட தோலா கிடக்கும். மூக்கு கிட்ட கொண்டு போய் மோந்து பாக்காதீங்க, அந்த சாம்பல் தூள் எல்லாம் விதைத் தூள்தான், மூச்சுல போகும்.

வெட்டிட்டு சாப்பிடறது ஏன் கூடாதுன்னா ஸ்ட்ராபெரி சதை மெத்துனு தண்ணியா இருக்கும், வெளிய தெரியற சாம்பல விட உள்ள பூசணம் தூரமா போயிருக்கும். கேரட் மாதிரி கெட்டியான காய்ல சுத்தி ஒரு இஞ்ச் விட்டு வெட்டி எடுக்கலாம், ஸ்ட்ராபெரியில ஒரு இஞ்ச் வெட்டினா பழமே மிச்சமில்ல. உங்க பாக்ஸ நான் பாத்திருந்தா அந்த ரெண்டையும் முழுசா பிளாஸ்டிக்ல கட்டி போட்டிருப்பேன், அதுங்கள ஒட்டி இருந்த பழத்த ஒவ்வொண்ணா தொப்பிய தூக்கிப் பாத்து மெத்துனு இருந்தா அதையும் போட்டிருப்பேன், கெட்டியா இருக்கிறத கழுவி அன்னைக்கே சாப்பிட வெச்சிருப்பேன். பாதி பாக்ஸ்ல சாம்பல் தெரிஞ்சா மொத்தமா போட்டுரணும்.

பிரிட்ஜ்ல வெச்சா தப்பிச்சிரும்னு நெனைக்காதீங்க, போட்ரைடிஸ் 0 டிகிரியிலயும் மெதுவா வளரும். அப்போ வெளியவே வெச்சிரலாமான்னா அதுவும் கூடாது, நம்ம கேஎல் சூட்டுல வேற ஒரு பூசணம் முந்திக்கும், நீள நீளமா வெள்ளை முடி, நுனியில கருப்பு புள்ளி, பழத்துல இருந்து சாறு ஒழுகி பாக்ஸ் அடியில தேங்கும். பிரிட்ஜ் குளிர்ல அது ஏறக்குறைய நின்னுரும். அதனால பிரிட்ஜ்தான் வேணும், ஆனா வெக்கும் முன்னாடி கழுவாதீங்க, அடியில டிஷ்யூ போட்டு ஈரம் இல்லாம வெச்சு ரெண்டு நாள்ல முடிங்க.

திராட்சையிலயும் இதே சாம்பல் பூசணம் வரும், அதையும் சொல்லிடறேன். அது பழம் முழுக்க சீரா வராது, கொத்தோட நடுவுல, காத்து போகாத எடத்துல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டின நாலஞ்சு பழத்துல கூடு மாதிரி பிடிக்கும். முதல் அறிகுறி பழுப்பு நிறம், கட்டைவிரலால அழுத்தினா தோல் மட்டும் வழுக்கி தனியா நகரும். அந்தப் பழங்களையும் ஒட்டினதையும் காம்போட வெட்டி எடுத்துட்டு மீதிய பாத்து சாப்பிடலாம். வெளிநாட்டுல இருந்து வர்ற திராட்சைப் பெட்டிக்குள்ள பெரும்பாலும் கந்தக வாயு விடுற ஒரு ஷீட் போட்டிருப்பாங்க, இந்தப் பூசணத்த அடக்கறதுக்குத்தான். கடையில பெட்டிய பிரிச்சு கூடையில கொட்டின பிறகு அந்தக் காவல் இல்ல, அதனால பாசார்ல குவிச்சு வெச்சத வாங்கினா கொத்த தூக்கி நடுவுல பாருங்க, காம்பு பச்சையா இருக்கான்னு பாருங்க.

ஸ்ட்ராபெரி வாங்கும்போது பாக்ஸ கவுத்து அடியப் பாத்துட்டு எடுங்க, கறை இருந்தா வேணாம். வாங்கி வீட்டுக்கு வந்த உடனே சாம்பல் தெரிஞ்சா எதையும் எடுக்காம போட்டோ எடுத்து, ரசீதோட அன்னைக்கே கடைக்குப் போங்க. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விக்கிற பொருள் ஏத்துக்கக்கூடிய தரத்துல இருக்கணும், ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கமாட்டோம்’னு போர்டு மாட்டினதால அந்த உரிமை போயிராது.