நாலு பேர் அறையில் படிப்பது எப்படி? ஹாஸ்டல் கேள்வி பதில்

மாணவனாக ஆறு வருடம், உதவி வார்டனாக எட்டு வருடம் ஹாஸ்டலில் இருந்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு: ஒருத்தன் ஸ்பீக்கர்ல மேட்ச் பாக்குறான், ஒருத்தன் போன்ல கத்துறான். டைம்டேபிள் போட்டா மூணு நாள்கூட தாங்கல சார்.

கடிகாரத்தைப் பார்த்துப் போட்டிருப்பீர்கள். ஹாஸ்டலில் நாளை ஓட்டுவது மெஸ்ஸும் குளியலறை வரிசையும்தான். அடுத்த மூன்று நாள் புது டைம்டேபிள் எதுவும் வேண்டாம். அறை எப்போது காலியாக இருக்கிறது என்பதை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

எங்கள் விடுதியில் ஒரு பையன் அப்படிக் குறித்தான். இரவு மெஸ் 7.30க்குத் திறக்கும். அறையில் எல்லாரும் கூட்டம் குறையட்டும் என்று 8.15க்குப் போய், படிக்கட்டில் அரட்டை முடித்து 9.15க்குத் திரும்புவார்கள். இவனும் கூடவே போவான். நோட்டைப் பார்த்தபிறகு, 7.30க்கே தட்டோடு முதல் ஆளாக நின்றான். 8 மணிக்கு அறைக்கு வந்தால், கால் மணியில் மற்ற மூவரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் அறை அவனுடையது. கூடவே சூடான சப்பாத்தியும் கிடைத்தது!

அந்த ஒரு மணியில் எதைப் படிப்பது என்பதுதான் முக்கியம். தியரியை அங்கே வைத்தான். பக்கத்தில் யாராவது பேசினால் தியரி மண்டையில் ஏறாது. ஏற்கெனவே ஒருமுறை போட்ட தெர்மோடைனமிக்ஸ் கணக்கு, ரெக்கார்டு, படம் வரைவது எல்லாம் இரவு 9.30க்கு மேல், கூச்சல் நடுவே. புதுக் கணக்கு அங்கே வேண்டாம். ஒரே பத்தியை மூன்றாம் தடவை படிக்கிறீர்களா? அந்த நேரத்துக்கு அது சரிப்படாத வேலை, புத்தகத்தை மாற்றுங்கள்.

நர்சிங் மாணவி: எங்களுக்கு டூட்டி முடிஞ்சு சாப்பிட 9.30 ஆயிடும். சாப்பிட்டதும் கண்ணு சொருகுது.

ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிடுங்கள் அம்மா. இரவில் பசி அடங்கியிருந்தால் சோறு தானாகக் குறையும். சாப்பிட்ட பிறகு மறுநாளுக்கான புத்தகத்தை எடுத்துவைத்துவிட்டுப் படுங்கள், போதும். பசிக்கிறதே என்று அறையில் கெட்டில் மட்டும் வைக்காதீர்கள். பழைய ஒயரிங், ஒரே பிளக்கில் நாலு சார்ஜர். கருகிய சுவிட்ச் போர்டை நான் பார்த்திருக்கிறேன்.

முதலாம் ஆண்டு: காதுல வைக்கிற பஞ்சு மாதிரி இயர்ப்ளக் வாங்கினேன். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல.

அப்படியே காதில் திணித்திருப்பீர்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உங்கள் குரலே தலைக்குள் கேட்பதுபோல் இருந்தால் சரியாகப் பொருந்திவிட்டது. அப்போதும் பேச்சு அடியோடு மறையாது. ஃபேனை வேகமாக வைத்தால் அந்த இரைச்சல் மிச்சத்தை அமுக்கும். காது வலியோ சீழோ இருந்தால் போடாதீர்கள்.

பழைய மாணவர்: இதெல்லாம் எதுக்கு? காலைல நாலு மணிக்கு எழுந்தா ஊரே அமைதி. நான் அப்படித்தான் படிச்சேன்.

அமைதி உண்மைதான். ஆனால் அறையில் லைட் அணைவதே 12 மணிக்கு. நாலு மணிக்கு எழுந்தவன் இரண்டாவது பீரியடில் தூங்குவதை வாரம் தவறாமல் பார்த்தவன் நான்.

பழைய மாணவர்: பத்து மணிக்குப் படுக்கணும் தம்பி. மூஞ்சில துண்டைப் போட்டுட்டு.

குரூப் 4 எழுதுபவர்: நான் ராத்திரி ஒண்ணுவரை வராண்டா லைட்ல படிக்கிறேன். காலையில எட்டு மணிவரை தூங்கிடுவேன். எனக்கு இதுதான் செட் ஆகுது.

உங்களுக்குக் காலை வகுப்பு இல்லை ஐயா, அதனால் செட் ஆகிறது. துண்டு போட்டுப் படுத்தால் தூக்கம் வருமென்றால் அண்ணன் சொல்வதையும் முயன்று பார்க்கலாம். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பி.காம், இரண்டாம் ஆண்டு: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

அறை எத்தனை மணி நேரம் காலி? அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு பெற்றோர்: மகன் ஹாஸ்டல்ல மெஸ் பில் ரொம்ப அதிகம். குறைக்க முடியுமா?

மெஸ் கமிட்டியில் கேளுங்கள். அது என் கையில் இல்லை.

ஈசிஇ, இரண்டாம் ஆண்டு: ரூம்மேட் சத்தம் போடுறான், என்ன பண்றது?

முதல் கேள்விக்கான பதில். தயவுசெய்து மேலே படியுங்கள்.

அதே மாணவர்: படிச்சேன் சார். ஆனா அவன் சாப்பிடவே போறதில்ல. ரூம்லயே நூடுல்ஸ் பண்ணிடுறான்.

எதில் பண்ணுகிறான்? கெட்டிலிலா?