பிள்ளையின் பாதம் மடங்கியிருந்தால் குதிகாலைப் பாருங்கள்

"பிறந்து 9 நாள், இடது பாதம் உள்ளே மடங்கியிருக்கு. எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். இது கிளப்ஃபுட் என்னும் பிறவிப் பாதக் கோணலாக இருக்கலாம். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால் வந்த வெறும் வளைவாகவும் இருக்கலாம். அது தானாகவே நிமிர்ந்துவிடும்.

பிள்ளை பால் குடித்து அசந்திருக்கும்போது, முழங்காலை மடக்கி, பாதத்தை விரலால் மெல்ல நேராக்கி மேலே தூக்கிப் பாருங்கள். வெறும் வளைவென்றால் பாதத்தின் மேற்பக்கம் முன்காலை நெருங்கி வரும். கிளப்ஃபுட் என்றால் பாதி வழியிலேயே நின்றுவிடும். குதிகால் உள்ளே திரும்பி மேலேறியிருக்கும், அதற்கு மேலே ஆழமான மடிப்பு தெரியும், கெண்டைக்கால் சற்று மெலிந்திருக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள்.

எங்கள் அக்கா மகனுக்கு, மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்தில், எண்ணெய் தேய்த்தே ஆறு வாரம் போனது. குதிகால் இறங்கவே இல்லை. அப்புறம்தான் பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தொடை வரை பிளாஸ்டர் போட்டார்கள். ஆறு பிளாஸ்டருக்குப் பிறகு குதிகால் தசைநாணைச் சிறிதாக வெட்டி, மேலும் மூன்று வாரம் பிளாஸ்டர். முதல் வாரங்களில் தசைநார் நன்றாக இளகும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பாதம் நேரானதும் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பி பூட்டிய சப்பாத்தை முதல் மூன்று மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்கவும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதும் போடாவிட்டால் பாதம் திரும்பவும் மடங்கக்கூடும்.

வீட்டுச் சோதனை முடிவல்ல. மிட்வைஃபிடம் காட்டி, எலும்பு வைத்தியரின் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.