அச்சிட்ட விலையை விடக் குறைத்து விற்றால் கடைக்குக் கூட்டம் வரும், சரி. கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: தேக்கா பக்கம் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பாக்கெட்டில் இருக்கும் விலையை விட ஒரு வெள்ளி குறைத்து விற்றால் ஆட்கள் வருவார்கள் என்கிறார்கள். லாபம் எவ்வளவு அடிபடும்? எத்தனை பேர் கூடுதலாக வந்தால் கட்டுப்படியாகும்?

பதில்:

பாக்கெட்டில் ரூபாயில் அச்சிட்ட எம்.ஆர்.பி. இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே விற்கத் தடையில்லை. சிங்கப்பூரில் அந்த எண்ணுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது. சில வாடிக்கையாளர்கள் அந்த ரூபாயை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து, "ஊர்ல இவ்வளவுதானே, இங்க ஏன் இந்த விலை?" என்று கேட்பார்கள். கப்பல் செலவும் இங்குள்ள வாடகையும் அந்த எண்ணுக்குள் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உங்கள் கணக்குக்குத் தேவையான 'அச்சிட்ட விலை' என்பது விநியோகஸ்தர் பரிந்துரைக்கும் சில்லறை விலை. அதை வைத்தே பார்ப்போம்.

5 கிலோ இட்லி அரிசிப் பையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொள்முதல் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். பரிந்துரை விலை 12.90 வெள்ளி. விநியோகஸ்தர் உங்களுக்குத் தருவது ஜிஎஸ்டிக்கு முன் 9.60.

பலரும் 12.90இல் 9.60ஐக் கழித்து 3.30 லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. ஊரில் போல் அரிசி பருப்புக்கு இங்கே வரிச் சலுகை கிடையாது, எல்லாவற்றுக்கும் 9 விழுக்காடுதான். கடை ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருந்தால், நீங்கள் ஒட்டும் விலைக்குள்ளேயே வரியும் அடக்கம். எனவே 12.90ஐ 1.09ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு வருவது 11.83, அதில் 9.60 போனால் பைக்கு 2.23.

இப்போது 11.90க்கு விற்கிறீர்கள். 1.09ஆல் வகுத்தால் 10.92. கொள்முதல் விலை மாறவில்லை, ஆகவே மிஞ்சுவது 1.32. வாடிக்கையாளர் கண்ணுக்கு இது 8 விழுக்காடுகூட வராத தள்ளுபடி. உங்களுக்கோ பைக்குக் கிடைத்த லாபத்தில் 41 விழுக்காடு காணாமல் போய்விட்டது. குறைத்த ஒரு வெள்ளியில் வரிக் கணக்கில் குறைவது 8 காசு, மீதி 92 காசும் உங்கள் கையிலிருந்து போகிறது.

ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாமல், பதிவு செய்யாத கடை என்றால் கணக்கு வேறு. நீங்கள் வரி வசூலிக்க மாட்டீர்கள், ஆனால் கொள்முதலில் கட்டிய வரி திரும்பி வராது. அப்போது பையின் அடக்கவிலை 10.46. லாபம் 2.44இலிருந்து 1.44 ஆகும். 12.90க்கு விற்கும்போது பைக்கு ஏறத்தாழ 20 காசு கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் குறைக்கும் ஒரு வெள்ளி முழுவதும் உங்கள் தலையில்தான். விழுக்காட்டில் அடி அதே 41.

வாரம் 60 பை போகிறது என்றால், பழைய லாபத்தை அரிசியிலேயே எடுக்க 102 பை விற்க வேண்டும். 70 விழுக்காடு கூடுதல். ஒரு வெள்ளி குறைத்ததற்காக ஒரு சின்னக் கடையில் அப்படி விற்பனை எகிறாது. கூடுதல் லாபம் அரிசியில் இல்லை, அரிசிக்காக வந்தவர் கூடையில் போடும் மற்ற பொருளில்தான் என்ற எண்ணத்தோடுதான் இதில் இறங்க வேண்டும். அதையும் போட்டுப் பார்க்கலாம்.

விற்பனை 60இலிருந்து 80 ஆனதாக வைத்துக்கொள்வோம். கூடுதலான அந்த 20 பையும் புது ஆட்கள் வாங்கியது என்று எடுத்துக்கொள்வதுதான் அடுத்த தப்பு. அரிசி கெடாத பொருள். விலை இறங்கியதும் உங்கள் பழைய வாடிக்கையாளரே இரண்டு பை தூக்கிக்கொண்டு போவார், அடுத்த மாதம் வர மாட்டார். அப்படி 6 பை போனதாகக் கொள்ளுங்கள். ஆக, முழு விலைக்கே வாங்கியிருக்கக்கூடியவர்களிடம் போனவை 66 பை. ஒவ்வொன்றிலும் 92 காசு என்றால், வாரத்துக்கு ஏறக்குறைய 60.50 வெள்ளி. இதுதான் உங்கள் உண்மையான விளம்பரச் செலவு. தள்ளுபடி இல்லாமலேயே வந்திருப்பவர்களுக்குக் கொடுத்த பணம் அது.

புதிதாக வந்தவர்கள் 14 பேர், அவர்கள் வாங்கிய 14 பையில் வருவது 18.50. இன்னும் 42 வெள்ளி இடிக்கிறது. அந்த 14 பேரில் 4 பேர் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டால், மீதி 10 பேர் ஆளுக்கு 4.20 வெள்ளி லாபம் தரும் அளவுக்கு வேறு பொருள் வாங்க வேண்டும். மற்ற பொருள்களில் உங்கள் லாப விகிதம் 25 விழுக்காடு என்றால், வரி உட்பட ஆளுக்கு 18.30 வெள்ளிக்குச் சாமான். அப்போதுதான் வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும், லாபம் அதற்கு மேல்தான். தேக்காவில் ஒருவர் அரிசியை இங்கே வாங்கி, காய்கறியை ஈரச்சந்தையிலும் மீதியை முஸ்தபாவிலும் வாங்குவது சாதாரணம். ஆகவே இந்த 18 வெள்ளி தானாக வராது.

வரவைக்க என்ன செய்யலாம்? அரிசியை வாசலில் குவித்து வைக்காதீர்கள். விலைப் பலகை வாசலில் இருக்கட்டும், பைகள் கடையின் உள்ளே கடைசியில் இருக்கட்டும். அங்கே போகும் வழியில் உளுந்து, வெந்தயம், நல்லெண்ணெய், இட்லிப்பொடி. இவை இட்லி அரிசி வாங்குபவருக்கு எப்படியும் தேவை, அரிசியை விட லாபமும் பொதுவாக அதிகம். இந்தப் பொருள்களின் விலையை ஒரு காசுகூட இறக்கக் கூடாது. அரிசியோடு உளுந்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, கூட்டம் இருக்கிறது, மாதக் கடைசியில் பணம் எங்கே என்று தேடுகிற கடைகள் உண்டு.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடித்தது: நிபந்தனை வைப்பது. "மற்ற பொருள்கள் 20 வெள்ளிக்கு வாங்கினால் இட்லி அரிசி 11.90, ஒருவருக்கு ஒரு பை." இதைப் பலகையில் பெரிதாக எழுத வேண்டும், மூலையில் பொடி எழுத்தில் எழுதினால் கல்லாவில் சண்டைதான். அந்த 20 என்ற எண் உங்கள் வழக்கமான பில் தொகையை விடச் சற்று மேலே இருக்கட்டும். சராசரி பில் 15 என்றால் 20 சரி. சராசரியே 25 என்றால், வழக்கமாக வருகிற எல்லாருக்கும் சும்மா ஒரு வெள்ளி கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், விநியோகஸ்தரிடம் பேசிப் பாருங்கள். 10 பைக்கு ஒரு பை இலவசம் என்று ஸ்கீம் கிடைத்தால் அடக்கவிலை 8.73க்கு இறங்கும். அப்போது 11.90க்கு விற்றாலும் பைக்கு 2.19 நிற்கும், பழைய 2.23க்குப் பக்கத்தில். அதாவது கிட்டத்தட்ட முழுத் தள்ளுபடியையும் அவர்தான் கொடுக்கிறார். ஸ்கீம் இருக்கும் வாரங்களில் மட்டும் விலையை இறக்குவது, முடிந்ததும் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இலவசத்துக்கு ஆசைப்பட்டு மூன்று மாதச் சரக்கை இறக்கிவிடாதீர்கள், சிங்கப்பூர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் வண்டு பிடிக்கும்.

பலித்ததா என்று பார்க்க, தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களையும் பிந்தைய நான்கு வாரங்களையும் எடுங்கள். கல்லா மெஷினில் மூன்று எண்கள் போதும்: அரிசி உள்ள பில்கள் எத்தனை, அவற்றில் அரிசி மட்டுமே உள்ளவை எத்தனை, கடை முழுவதற்குமான மொத்த லாபம் எத்தனை வெள்ளி. லாப விழுக்காட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குறைந்த லாபப் பொருள் அதிகம் போனால் அது எப்படியும் இறங்கும். வெள்ளியில் கூடியதா என்பதே கேள்வி. அரிசி மட்டும் உள்ள பில்கள் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால், அரிசி வாங்க மட்டும் ஒரு கடையாக உங்களை ஊர் குறித்துக்கொண்டது என்று பொருள். தீபாவளி, பொங்கல் வாரங்களிலும் சிடிசி பற்றுச்சீட்டு புதிதாக வந்த சமயத்திலும் சோதனை செய்யாதீர்கள். அப்போது எல்லாக் கடையிலும்தான் கூட்டம் இருக்கும்.

பக்கத்துக் கடையும் 11.90 என்று எழுதிவிட்டால்? வந்த புது ஆட்களில் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள், 92 காசு மட்டும் இரண்டு கடையிலும் போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து 11.50க்கு இறங்கினால் பைக்கு மிஞ்சுவது 95 காசு. பையைத் தூக்கி வைக்கும் கூலிக்கும் கார்டு மெஷின் கட்டணத்துக்கும் அதுவே சரியாகிவிடும். இறங்கவே இறங்காதீர்கள், அரிசியை 12.90க்கே திருப்பிவிட்டு வேறு பொருளுக்கு மாறுங்கள்.

அந்த வேறு பொருள் என்றால் என் ஓட்டு புளித்த இட்லி மாவு பாக்கெட்டுக்கு. அரிசிக்காக ஒரு குடும்பம் மாதம் ஒருமுறை வரும். மாவு சில நாளில் அளவுக்கு மீறிப் புளித்துவிடும், வாங்கிக் குவித்து வைக்க முடியாது, ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குள் கால் வைத்தாக வேண்டும். 30 காசு குறைத்தாலே விலை நினைவில் நிற்கும். ஆனால் மாவு எடுப்பவர் அரிசியும் உளுந்தும் வாங்க மாட்டார், எனவே பக்கத்தில் சின்ன வெங்காயம், தேங்காய், சாம்பார்ப்பொடி வையுங்கள். விற்காத பாக்கெட் குப்பைக்குப் போகும் நட்டத்தையும் அடக்கவிலையில் சேர்த்த பிறகே விலை போட வேண்டும்.

கடைசியாக விலைப் பலகை பற்றி. "வழக்கமான விலை 13.90, இப்போது 11.90" என்று எழுதினால், நீங்கள் உண்மையிலேயே 13.90க்கு விற்றிருக்க வேண்டும். இல்லாத பழைய விலையை எழுதுவது நுகர்வோர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்தின் கீழ் மாட்டிவிடும். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பலகையிலேயே எழுதிவிடுங்கள். முடியும் நாள் இல்லாமல் ஆறு வாரம் 11.90 தொங்கினால் அதுதான் அரிசி விலை என்று ஆகிவிடும், திரும்ப 12.90 எழுதும் அன்று "விலையை ஏத்திட்டீங்களே" என்பார்கள்.